நிரப்பாத வட்டம்

"எங்க ரெண்டு பேர் பக்கத்துலயும் இந்த மாதிரி யாருக்குமே இல்லைங்க டாக்டர்."

மரபியல் ஆலோசனைக்கு வரும் தாய்மார்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அன்று சொன்னவரின் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருந்தது. பிறவியிலேயே காது கேட்காது. பக்கத்தில் கணவர் மருத்துவக் கோப்பை மடக்கிப் பிடித்தபடி இருந்தார். அந்த அம்மாவின் குரலில் ஒரு பதைப்பு இருந்தது. தன் வீட்டின் மேலோ அவர் வீட்டின் மேலோ பழி விழுந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு. தற்காப்புக்காகச் சொன்ன அந்த ஒரு வரியிலேயே விடையின் பெரும்பகுதியை அவர் என் கையில் கொடுத்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது.

நான் பென்சிலை எடுத்தேன். ஒரு சதுரம், ஒரு வட்டம், இடையில் ஒரு கோடு. கோட்டின் நடுவிலிருந்து கீழே இறங்கும் இன்னொரு கோடு, அதன் நுனியில் ஒரு சின்ன வட்டம். மேலே உள்ள இரண்டையும் வெறுமையாக விட்டுவிட்டு, கீழ் வட்டத்தை மட்டும் கறுப்பாக நிரப்பினேன். குழந்தை எட்டிப் பார்த்து அந்தக் கறுப்பின் மேல் விரலை வைத்தாள்.

குடிவழி வரைபடத்தைப் போல எளிமையும் அழகும் ஒருசேர அமைந்த படம் மருத்துவத்தில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. சதுரம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண். நோய் உள்ளவரை நிரப்புகிறோம், இல்லாதவரை வெறுமையாக விடுகிறோம். கணவன் மனைவியை ஒரு படுக்கைக் கோடு இணைக்கிறது. பிள்ளைகள் ஒரு குறுக்குக் கோட்டிலிருந்து கொடியில் காய்த்தது போல வரிசையாகத் தொங்குகிறார்கள், மூத்தவர் இடப்பக்கம், இளையவர் வலப்பக்கம். இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. யாரை வைத்து விசாரணை தொடங்கியதோ அவரைச் சுட்டி ஓர் அம்பு. இரட்டைப் பிள்ளைகள் ஒரே புள்ளியிலிருந்து இரு கோடுகளாகப் பிரிந்து இறங்குவார்கள். அவர்கள் ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவர்கள் என்றால் அந்த இரு கோடுகளுக்கும் நடுவே, கைகோத்துக்கொண்டது போல, இன்னொரு சிறு கோடு. இதை முதன்முதலில் பார்த்த நாளில் வகுப்பு முடிந்த பிறகும் அந்தச் சிறு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய உறவை இவ்வளவு சின்னக் கீற்றில் சொல்லிவிட முடியுமா!

இந்தப் படத்தை வைத்துத் தேர்வில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தப் பண்பு எந்த வழியில் இறங்குகிறது? வழிகள் ஆறு. உடற்குரோமோசோமில் ஓங்கு, உடற்குரோமோசோமில் ஒடுங்கு, எக்ஸ் குரோமோசோமில் ஓங்கு, எக்ஸ் குரோமோசோமில் ஒடுங்கு, ஒய் குரோமோசோம், தாய்வழியே மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா. மாணவர்களின் கண் நேராகக் கறுப்பு உருவங்களுக்குத்தான் போகும். எத்தனை ஆண், எத்தனை பெண், தலைமுறை விட்டு வருகிறதா, விடாமல் வருகிறதா என்று எண்ணுவார்கள். எண்ணி, "சார், ஓங்கு மாதிரி தெரியுது" என்பார்கள். அந்த 'மாதிரி'யில்தான் மதிப்பெண் போகிறது. ஒரு கறுப்புச் சதுரம் ஆறு வழிகளோடும் ஒத்துப்போகும். அது யாரையும் மறுத்துப் பேசாது.

நிரப்பாத உருவங்கள்தாம் மறுத்துப் பேசும். 'நான் இப்படி இருப்பதால் இந்த வழியாக இருக்கவே முடியாது' என்று சொல்லும் துணிவு அவற்றுக்குத்தான் உண்டு. ஆறு பேரையும் வாசலில் நிறுத்திவைத்து, ஒவ்வொரு வெள்ளை உருவத்திடமும் சாட்சி கேட்டு, பொருந்தாதவரை வெளியே அனுப்பிக்கொண்டே வரவேண்டும். கடைசியில் மிஞ்சுபவரைத் தேட வேண்டியதில்லை, அவர் அங்கேயே நிற்பார். கழித்துக் கழித்துக் காண்கிற இந்த முறையில் மனப்பாடம் என்று எதுவுமே இல்லை.

அந்தக் குழந்தையின் படத்துக்கே திரும்பி வாருங்கள். மூன்றே பேர். அம்மா வெள்ளை, அப்பா வெள்ளை, மகள் கறுப்பு.

முதலில் ஓங்கு வழிகள் இரண்டையும் அழைப்போம். ஓங்கு என்றால் மாறிய பிரதி ஒன்று இருந்தாலே வெளியே தெரிந்துவிடும். மகளிடம் உள்ள பிரதி அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோதான் வந்திருக்க வேண்டும். கொடுத்தவர் தானும் கறுத்திருப்பார். இருவருமே வெள்ளை, ஆகவே ஓங்கு வழிகள் இரண்டும் வெளியே. ஒய் குரோமோசோம் பெண்ணிடம் கிடையாது, அதுவும் வெளியே. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது, தாயோ வெள்ளை. மைட்டோகாண்ட்ரியா நோய்களில் நல்லதும் கெட்டதும் கலந்து கிடப்பதால் தாய் தப்பித்து மகள் மாட்டிக்கொள்வது நிஜத்தில் உண்டு. ஆனால் தேர்வுத் தாளில் அந்தச் சிக்கலைக் கொண்டுவர மாட்டார்கள், அதையும் அனுப்பிவிடலாம்.

இப்போது ஒடுங்கு வழிகள் இரண்டு மட்டும் நிற்கின்றன, எக்ஸ் குரோமோசோமிலும் உடற்குரோமோசோமிலும். இங்கேதான் நிதானமாகப் பார்க்கச் சொல்கிறேன், அப்பாவின் வெள்ளைச் சதுரத்தை.

மகளுக்கு எக்ஸ் இரண்டு. ஒடுங்கு பண்பு வெளிப்பட இரண்டிலும் மாற்றம் இருக்க வேண்டும். ஒன்று அம்மா தந்தது, மற்றொன்று அப்பா தந்தது. அப்பாவிடம் இருப்பதே ஒரே ஒரு எக்ஸ். அதை ஒளித்துவைக்க அவரிடம் இரண்டாவது பிரதி இல்லை. அந்த ஒன்றில் மாற்றம் இருந்திருந்தால் அவரும் கறுத்திருப்பார். அவர் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறார். எனவே எக்ஸ் ஒடுங்கும் வெளியே போயிற்று. மிஞ்சியது உடற்குரோமோசோம் ஒடுங்கு. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு மாறிய பிரதியை அமைதியாகச் சுமந்திருக்கிறார்கள், இரண்டும் இந்தக் குழந்தையிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு நான்கில் ஒன்று.

மூன்று உருவங்களில் ஐந்து வழிகள் அடைபட்டுவிட்டன. இதன் நேர்த்தி முழுதாகத் தெரிய வேண்டுமானால் ஒன்று செய்யுங்கள். கீழே உள்ள வட்டத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் கறுப்புச் சதுரம் போடுங்கள், மகளுக்குப் பதில் மகன். உடனே அப்பாவின் சாட்சியம் பயனற்றுப் போகிறது. மகனுக்கு அப்பா எக்ஸ் கொடுப்பதே இல்லை, ஒய்தான் கொடுக்கிறார். மகனின் ஒரே எக்ஸ் அம்மாவிடமிருந்து வந்தது, அது மாறியதாக இருக்கலாம். வாசலில் இருவர் நின்றபடியே நிற்பார்கள். வளைவைக் கோணமாக்கியதில் ஒரு விடை கரைந்து இரண்டாகிவிட்டது. தேர்வுத் தாளில் 'நோயற்ற பெற்றோர், நோயுற்ற மகள்' என்ற இந்த முக்கோணத்தைத்தான் முதலில் தேட வேண்டும். நாலு தலைமுறைப் படத்தின் மூலையில் அது ஒரே இடத்தில் இருந்தாலும் போதும், மற்ற இருபது பேரையும் விசாரிக்க வேண்டாம்.

அன்று அந்தத் தாயிடம் இன்னும் சில கேள்விகள் கேட்டேன். கர்ப்ப காலத்தில் அம்மை மாதிரி ஏதாவது வந்ததா? குழந்தை பிறந்ததும் மஞ்சள் காமாலை கடுமையாக இருந்ததா? மூளைக்காய்ச்சல்? செவிட்டுத்தன்மைக்கு மரபணுவே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அப்படி வெளியிலிருந்து வந்த பாதிப்பைக் கறுப்பாக நிரப்பிவிட்டால் படம் முழுவதும் பொய்யாகிவிடும். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டேன். அவர் கணவரைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "இவரு எங்க அம்மாவோட தம்பிங்க."

கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு இழுத்தேன். சொந்தத்தில் கட்டியவர்களைக் குறிக்கும் இரட்டைக் கோடு அது. தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கொடுப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். ஒரே பாட்டி தாத்தாவிடமிருந்து கிளம்பிய ஒரு பிரதி, ஒரு கிளையில் மாமனுக்கும் மறு கிளையில் மருமகளுக்கும் இறங்கி, அவர்கள் மணந்ததும் மறுபடி சந்திக்கிறது. மாமன், அக்காள் மகள் தம்பதிக்குப் பிறக்கும் குழந்தையில் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு எட்டில் ஒன்று. இந்த இரண்டாவது கோட்டில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. பிரிந்த இரண்டு ஓடைகள் எங்கே மறுபடி கூடின என்று காட்டுகிற மெல்லிய தடம் அது.

முதல் முக்கோணத்தைத் தலைகீழாக்கினால் அதன் கண்ணாடிப் பிம்பம் கிடைக்கும். அம்மாவும் அப்பாவும் கறுப்பு, மகள் வெள்ளை. ஒடுங்கு பண்பு என்றால் இருவரிடமும் மாறிய பிரதிகள் மட்டும்தான் இருக்கும், கொடுக்க நல்ல பிரதியே இருக்காது. பிள்ளைகள் அத்தனை பேரும் கறுத்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை வெளுத்ததும் ஒடுங்கு போய்விடுகிறது. அந்தப் பிள்ளை மகளாக இருந்தால் எக்ஸ் ஓங்கும் போய்விடுகிறது, அப்பா தன் ஒரே எக்ஸைக் கட்டாயம் அவளுக்குத் தந்திருப்பாரே. மிஞ்சுவது உடற்குரோமோசோம் ஓங்கு.

இந்தப் படத்தை நேரில் காண அகோண்ட்ரோபிளேசியா என்னும் குள்ளத்தன்மை உள்ள தம்பதிகளைப் பார்க்க வேண்டும். எலும்பு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரே மரபணுவில் நிகழும் மாற்றம் இது. எந்த மரபணு என்பது 1994-இல் தெரிந்தது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் நான்கில் ஒரு வாய்ப்பில் சராசரி உயரமுள்ள குழந்தை பிறக்கும், நான்கில் இரண்டு வாய்ப்பில் பெற்றோரைப் போன்ற குழந்தை. இரு பக்கத்திலிருந்தும் மாறிய பிரதி வந்துவிட்டால் அந்தக் குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே தவறிவிடுகிறது. இரண்டு கறுப்பு உருவங்களுக்குக் கீழே நிற்கும் அந்த வெள்ளை வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், இருவரும் தங்களிடம் இருந்த ஒரே நல்ல பிரதியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது போலத் தோன்றும்.

இதே பிம்பத்தைச் செவித்திறன் இல்லாத தம்பதியரிடம் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். சிறப்புப் பள்ளியில் ஒன்றாகப் படித்துக் காதலித்து மணந்தவர்கள். இருவருக்கும் காது கேட்காது. பிறந்த இரண்டு குழந்தைகளுக்கும் நன்றாகக் கேட்கிறது. விதிப்படி 'ஓங்கு' என்று எழுதினால் தவறு. செவித்திறனுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் வேண்டியிருக்கின்றன. கணவரிடம் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் கெட்டிருக்கின்றன, மனைவியிடம் வேறொரு மரபணுவின் இரு பிரதிகளும். அவரிடம் இல்லாததை இவர் கொடுத்தார், இவரிடம் இல்லாததை அவர் கொடுத்தார். பிள்ளைகளுக்கு எல்லாம் ஒவ்வொன்று கிடைத்துவிட்டது. இரண்டு கறுப்புகளும் ஒரே கறுப்பு அல்ல. ஒரு தலைமுறை மேலே போய்ப் பார்த்தால் இது புலப்படும். அவர்களைப் பெற்ற நான்கு பேருக்கும் காது கேட்கிறது என்றால் இருவரிடமும் இருப்பது ஒடுங்கு என்று ஊகிக்கலாம். தேர்வில் ஒரு படத்துக்கு ஒரே மரபணு என்று கொள்ளச் சொல்கிறார்கள். ஆலோசனை அறையில் அந்த உறுதிமொழியை யாரும் தருவதில்லை.

ஆறு வழிகளையும் ஒரே குடும்பத்தில் வைத்துக் கழித்துப் பார்க்க ஆசை உள்ளவர்களுக்கு இங்கிலாந்தின் விக்டோரியா அரசியின் குடிவழியைத்தான் காட்டுவேன். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா அந்த வீட்டில் இறங்கியதைப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். எல்லோரும் ரஷ்ய இளவரசன் அலெக்ஸியைத்தான் பார்ப்பார்கள். என் கண் எப்போதும் போய் நிற்பது லியோபோல்டிடம்.

அரசியின் ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது அவர், 1853-இல் பிறந்தவர். நால்வரான மகன்களில் கறுத்தவர் அவர் ஒருவரே. அவரைப் பெற்ற விக்டோரியாவும் வெள்ளை, ஆல்பர்ட்டும் வெள்ளை. ஓங்கு வழிகள் இங்கேயே தள்ளாடுகின்றன. புதிதாக நேர்ந்த மாற்றமோ என்ற ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். அதையும் அவருடைய அக்கா ஆலிஸும் தங்கை பியாட்ரிஸும் தீர்த்துவைக்கிறார்கள். இருவரும் வெள்ளை வட்டங்கள், இருவருக்கும் கறுத்த மகன்கள். வெளுத்த ஒருவர் வழியாக ஓங்கு பண்பு இப்படித் திரும்பத் திரும்ப இறங்காது. பெண்களின் வழியே இறங்குவதால் ஒய் குரோமோசோம் பேச்சுக்கே இடமில்லை.

'பெண்கள் வழியாகத்தானே வருகிறது, மைட்டோகாண்ட்ரியாவாக இருந்தால்?' என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் ஒரே கிளை லியோபோல்டின் கிளை. ஹீமோஃபிலியா இருந்தும் மணம் செய்துகொண்டு, 1883-இல் ஒரு மகளுக்கு அப்பாவானார். அவளுக்கும் ஆலிஸ் என்று பெயர். மறு ஆண்டு பிரான்ஸ் நாட்டுக் கான் நகரில் வழுக்கி விழுந்து, முப்பது வயதில் இறந்துபோனார். அவர் இறந்த சில மாதங்கள் கழித்து மகன் பிறந்தான். மகள் வெள்ளை, மகனும் வெள்ளை. இரண்டு வெள்ளைகளும் ஒன்றா? மகள் அப்பாவின் ஒரே எக்ஸைக் கட்டாயம் வாங்கிக்கொண்டவள், கடத்தியாக இருந்தே தீர வேண்டும். மகன் ஒய்யை வாங்கிக்கொண்டவன், அவனுடைய சந்ததிக்கே இந்தப் பயமில்லை. அந்த மகள் ஆலிஸின் மகன் ரூபர்ட் ஹீமோஃபிலியா உள்ளவன். 1928-இல் கார் விபத்துக்குப் பின், இருபது வயதில் இறந்தான். தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு! ஆண் தன் மைட்டோகாண்ட்ரியாவைப் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. ஆகவே மைட்டோகாண்ட்ரியா வழி இங்கே அடைபடுகிறது. இந்தச் சிறு கிளை இல்லாவிட்டால் அந்தச் சந்தேகத்தை விரட்ட இத்தனை பெரிய மரத்தில் வேறு சாட்சி கிடைத்திருக்காது.

மிஞ்சியவை ஒடுங்கு வழிகள் இரண்டு. நேர்மையாகச் சொன்னால், உடற்குரோமோசோம் ஒடுங்கை இந்தப் படத்திலிருந்து ஒரே அடியாக வெளியேற்ற முடியாது. ஆனால் அது உள்ளே இருக்க என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். ஆல்பர்ட் கடத்தியாக இருக்க வேண்டும். ஆலிஸை மணந்த ஹெஸ்ஸே இளவரசரும், பியாட்ரிஸை மணந்தவரும், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸும், ஸ்பெயின் அரசர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவும், ரூபர்ட்டின் அப்பாவும் ஒவ்வொருவராக அதே அரிய பிரதியைத் தற்செயலாக ஏந்தி வந்திருக்க வேண்டும். அப்படி வந்தும் கறுத்த மகள் ஒருத்திகூடப் பிறக்காமல் இருக்க வேண்டும். எக்ஸ் ஒடுங்குக்கோ விக்டோரியா ஒருவர் கடத்தியாக இருந்தால் போதும். ஒரு வழியை 'முடியாது' என்று அனுப்புவதும், இன்னொன்றை 'இத்தனை தற்செயல் தாங்காது' என்று அனுப்புவதும் இரண்டு வேறு தரத்துக் கழித்தல்கள். இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டு விடை எழுதுகிற மாணவரைக் கண்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பின்னாளில் யெகாடரின்பர்க் நகருக்கு அருகே கிடைத்த ரோமனோவ் குடும்பத்து எலும்புகளை ஆராய்ந்து, 2009-இல் விடை வெளியிட்டார்கள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒன்பதாவது உறைகாரணியின் மரபணுவில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. நோய் ஹீமோஃபிலியா பி வகை. வெள்ளை வட்டங்களை மட்டும் விசாரித்து எட்டிய முடிவை எலும்பு வந்து வழிமொழிந்தது.

அப்பாவும் மகனும் கறுப்பாக இருந்தால் எக்ஸ் வழியே இல்லை என்று முடிக்கச் சொல்லும் குறுக்குவழி ஒன்று பயிற்சிப் புத்தகங்களில் உலவுகிறது. எக்ஸ் ஓங்குக்கு அது சரி, மகனின் அம்மா வெள்ளையாக இருந்தால். எக்ஸ் ஒடுங்குக்கு அது சரியில்லை. இரட்டைக் கோடுகள் நிறைந்த நம் பக்கத்துப் படங்களில் இந்தக் குறுக்குவழி காலை வாரிவிடும். நான் கரும்பலகையில் போடும் ஒரு படத்தை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன். பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு கூடவே வரைந்தால் இன்னும் நல்லது.

முதல் தலைமுறையில் தாத்தாவும் பாட்டியும் வெள்ளை. இரண்டாம் தலைமுறையில் அவர்களுக்கு அண்ணன், தங்கை என இரு பிள்ளைகள். அண்ணன் கறுப்பு, தங்கை வெள்ளை. அண்ணன் வெளியில் பெண் எடுத்தார், தங்கையை வெளியில் கட்டிக்கொடுத்தார்கள், வந்தவர்கள் இருவரும் வெள்ளை. மூன்றாம் தலைமுறையில் அண்ணனுக்கு ஒரு மகள், வெள்ளை. தங்கைக்கு ஒரு மகன், கறுப்பு. தாய்மாமன் மகள் உரிமைப் பெண்ணாயிற்றே, இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. இரட்டைக் கோடு போடுங்கள். நான்காம் தலைமுறையில் மூன்று பிள்ளைகள்: மூத்த மகன் கறுப்பு, மகள் கறுப்பு, இளையவன் வெள்ளை.

கீழ்ப் பாதியை மட்டும் கையால் மறைக்காமல் விட்டுப் பாருங்கள். கறுத்த அப்பா, வெளுத்த அம்மா, மகனும் மகளும் கறுப்பு. உடற்குரோமோசோம் ஓங்கு என்று பாதி வகுப்பு கை தூக்கும். கையை எடுத்ததும் மேலே இருந்து தாத்தா பாட்டி மறுக்கிறார்கள். வெள்ளையான அவர்களுக்குக் கறுப்பு மகன் பிறந்திருக்கிறான். தங்கையும் அவள் கணவரும் அதையே மறுபடி சொல்கிறார்கள். ஓங்கு போயிற்று. மைட்டோகாண்ட்ரியாவை மூன்று வெள்ளை அம்மாக்களும் அனுப்பிவிட்டார்கள். ஒய்யைக் கறுத்த மகள் அனுப்பிவிட்டாள். மிஞ்சியவை மறுபடி ஒடுங்கு வழிகள் இரண்டும்தான்.

அப்பா கறுப்பு, மகன் கறுப்பு என்பதால் எக்ஸ் ஒடுங்கை அனுப்பிவிடலாமா? மூத்த மகன் தன் எக்ஸை அப்பாவிடமிருந்து வாங்கவில்லையே. அம்மாவைப் பாருங்கள், அந்த வெள்ளை வட்டத்தை. அவள் கறுத்த தாய்மாமனின் மகள். அவருடைய ஒரே எக்ஸ் கட்டாயம் அவளிடம் இருக்கிறது, லியோபோல்டின் மகளைப் போலவே. மகனுக்கு அவள் தந்தாள். மகளுக்கு அப்பா ஒன்று, அவள் ஒன்று. இளைய மகனுக்குத் தன் நல்ல எக்ஸைத் தந்தாள். ஒவ்வொரு பிள்ளையிலும் எக்ஸ் ஒடுங்கு அழகாகப் பொருந்திவிடுகிறது. அப்பாவிலிருந்து மகனுக்கு இறங்கியதாகத் தோன்றிய கோடு உண்மையில் அம்மாவின் வழியே தாய்மாமனிடமிருந்து சுற்றி வந்தது.

உடற்குரோமோசோம் ஒடுங்கும் பொருந்தத்தான் செய்கிறது. அதற்குப் பாட்டியோடு தாத்தாவும் கடத்தியாக வேண்டும், வெளியிலிருந்து வந்த தங்கை கணவரும் கடத்தியாக வேண்டும். எக்ஸ் வழிக்குப் பாட்டி மட்டும் போதும். எனவே எக்ஸ் ஒடுங்குதான் வலுவானது, ஆனால் மற்றதன் கதவு இன்னும் அடைபடவில்லை. படத்தில் எங்காவது வெள்ளை அப்பாவுக்குக் கறுப்பு மகள் இருந்திருந்தால் எக்ஸ் வழி முடிந்திருக்கும். அல்லது கறுப்பு அம்மாவுக்கு வெள்ளை மகன் இருந்திருந்தாலும் முடிந்திருக்கும், இரண்டு எக்ஸும் மாறிய ஒருத்தி மகனுக்கு வேறெதைத் தருவாள்? தேடிப் பார்த்தால் இந்தத் தாளில் அப்படி யாருமே இல்லை. நோயற்றவர்களின் வயதையும் அந்தந்த உருவத்தின் கீழே குறித்துவைக்க வேண்டும். ஹண்டிங்டன் போன்ற நோய்கள் முப்பது, நாற்பது வயதுக்கு மேல்தான் பெரும்பாலும் தலைகாட்டும். இருபது வயது வெள்ளை உருவம் அங்கே சாட்சியாகாது.

குடிவழிக் குறிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு, இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். ஆணா பெண்ணா என்று தெரியாதவருக்குச் சாய்சதுரம் போடுவோம். கருவில் இருக்கும் குழந்தைக்கும் அதே சாய்சதுரம்தான், உள்ளே கர்ப்பத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் பி என்ற ஓர் எழுத்து. வளைவும் இல்லாமல் செங்கோணமும் இல்லாமல், நுனியில் நின்றபடி இருக்கும் அந்த உருவம்.

நான்காம் தலைமுறையின் கறுப்பு மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு முடியும் தறுவாயில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் போட்டு, கீழே கோடு இறக்கி, அந்தச் சாய்சதுரத்தை வரைந்து பி என்று எழுதுவேன். பிறப்பது மகனாக இருந்து, அவன் வெள்ளையாகவும் இருந்துவிட்டால் எக்ஸ் வழி அங்கேயே முடிந்தது. அந்த மகன் கறுத்துப் பிறந்தால் இருவரும் வாசலில் நின்றபடி நிற்பார்கள். மாணவர்கள் குறிப்பேட்டில் படத்தை வரைந்து முடிப்பார்கள். அந்த ஒரு உருவத்தை மட்டும் எல்லோருமே பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலில் போட்டிருப்பார்கள்.